காலி வரிக்குக் கீழே ஃபில்டர் வேலை செய்யவில்லை: புது எக்செல் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்துக்கு வாங்கும் பொருட்களின் கணக்கை எக்செல் 2016-ல் எழுதி வருகிறேன். ஒவ்வொரு மாதத்துக்கும் இடையே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். தண்ணீர் லாரிச் செலவை மட்டும் பார்க்க ஃபில்டர் போட்டால் ஏப்ரல் மாதம் சரியாக வருகிறது. மே முதல் எல்லாச் செலவும் அப்படியே நிற்கிறது. தொகைப்படி வரிசைப்படுத்தினாலும் ஏப்ரல் மட்டும்தான் மாறுகிறது. "பழைய வெர்ஷன் சார், புதுசு வாங்கினால் சரியாகிவிடும்" என்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். சங்கப் பணத்தில் வாங்கலாமா?
— சங்கப் பொருளாளர், மதுரை

பதில்: இதற்காக வாங்காதீர்கள். புது வெர்ஷனிலும் இதே காலி வரியில் இதே போலத்தான் நிற்கும். பணம் கொடுக்கும் முன் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் பிரவுசரிலேயே எக்செல்லை இலவசமாகத் திறக்கலாம். உங்கள் கோப்பின் நகல் ஒன்றை அதில் ஏற்றி, ஏப்ரல் பகுதியில் ஒரு கட்டத்தைச் சொடுக்கி ஃபில்டர் போடுங்கள். மே மாதம் அங்கேயும் அசையாது.

காரணம் இதுதான். ஒரே ஒரு கட்டத்தில் கர்சரை வைத்து ஃபில்டர் போட்டாலோ வரிசைப்படுத்தினாலோ, அட்டவணை எதுவரை என்பதை எக்செல் தானே முடிவு செய்துகொள்கிறது. நாலு பக்கமும் தேடிப்போய், முழுக்கக் காலியான வரியோ பத்தியோ வந்ததும் அதையே எல்லை என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மாதம் பிரிக்க விட்ட வரி, அதன் கணக்கில் அட்டவணையின் முடிவு. அந்த வரியில் ஒரு கட்டத்திலாவது எழுத்து இருந்திருந்தால் தாண்டிப் போயிருக்கும்.

உங்கள் தாளில் A முதல் E வரை தேதி, பில் எண், கடை, பொருள், தொகை என்று ஐந்து பத்திகள். ஏப்ரல் 19-ஆம் வரியில் முடிகிறது, 20 காலி, செப்டம்பர் 118-ல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். A2-வைச் சொடுக்கி Ctrl+A-வை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். தேர்வு E19-லேயே நின்றால் அட்டவணை அங்கே உடைந்திருக்கிறது. ஃபில்டர் போட்ட பிறகு இடது ஓரத்து வரி எண்களைப் பார்த்தாலும் தெரியும்: 3, 7, 15 என்று நீல நிறத்தில் வந்துவிட்டு, 20-லிருந்து ஒன்றுவிடாமல் வழக்கமான நிறத்தில் ஓடும். நீலம் நிற்கும் இடம்தான் ஃபில்டரின் எல்லை.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஆபத்து ஒன்று இருக்கிறது. எல்லைக்குக் கீழே உள்ள வரிகள் மறைவதில்லை. ஃபில்டருக்குப் பின் தெரிவதை மட்டும் கூட்ட SUBTOTAL போட்டிருந்தால், ஏப்ரலின் தண்ணீர் லாரியோடு மே முதல் செப்டம்பர் வரையிலான பெயின்ட், மோட்டார், லிஃப்ட் செலவும் சேர்ந்து கூடிவிடும். இதுவரை பொதுக்குழுவில் அப்படி எடுத்த கூட்டுத்தொகை எதையாவது கொடுத்திருந்தால் ஒருமுறை சரிபாருங்கள். ஜூனில் புதிதாக வந்த லாரிக்காரர் பெயர் ஃபில்டர் பட்டியலில் காணாமல் போவதும் இதனால்தான். அந்தப் பட்டியலும் ஏப்ரலைப் பார்த்துத்தான் தயாராகியிருக்கும்.

இன்றைக்கே வேலை ஆக வேண்டும் என்றால், Ctrl+Shift+L அழுத்திப் பழைய ஃபில்டரை எடுத்துவிடுங்கள். ஃபார்முலா பட்டையின் இடது முனையில் கட்டத்தின் பெயர் காட்டும் பெட்டியில் A1:E118 என்று அடித்து Enter கொடுத்தால் மொத்தமும் தேர்வாகும். மறுபடி Ctrl+Shift+L. எல்லையை நீங்களே சொல்லிவிட்டதால் எக்செல் தேடாது; ஆறு மாதமும் உள்ளே வரும், பட்டியலின் அடியில் (Blanks) என்று ஒன்று கூடுதலாகத் தெரியும். ஆனால் இந்த நிலையில் வரிசைப்படுத்தினால் காலி வரிகள் எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்துவிடும். ஏறுவரிசை, இறங்குவரிசை எது கொடுத்தாலும் அப்படித்தான். அடுத்து அக்டோபரை ஒரு வரி விட்டு எழுதினால் அது மறுபடி வெளியே நின்றுவிடும்.

ஆகவே காலி வரிகளை எடுத்துவிடுவதே என் யோசனை. கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் ஃபில்டரை நீக்குங்கள். F1-ல் "எண்ணிக்கை" என்று தலைப்பிடுங்கள். பெயர்ப் பெட்டியில் F2:F118 என்று அடித்து Enter கொடுத்து, இதை எழுதி, Enter-க்குப் பதில் Ctrl+Enter அழுத்துங்கள்:

```
=COUNTA(A2:E2)
```

காலி வரிகளில் மட்டும் 0 வரும். அந்த 0 வந்து உட்கார்ந்ததுமே அந்த வரி காலி வரி இல்லை என்றாகி, உடைந்த அட்டவணை ஒன்றாகிவிடுகிறது. இப்போது A2-வில் நின்று Ctrl+Shift+L கொடுத்தாலே முழுவதும் வரும். F பத்தியில் 0-வை மட்டும் தேர்ந்தெடுங்கள்; தெரிகிற ஐந்து வரிகளையும் வரி எண்ணில் பிடித்து Delete Row கொடுங்கள். பிறகு ஃபில்டரை எடுத்துவிட்டு F பத்தியையும் அழித்துவிடலாம். தொகைப் பத்தியின் மொத்தத்தை முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது.

Go To Special போய் Blanks எடுத்து வரிகளை நீக்கு என்று பலர் சுருக்குவழி சொல்வார்கள். உங்கள் கணக்குக்கு அது வேண்டாம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலே அந்த முழு வரியும் போய்விடும். சாக்கடை அடைப்பு எடுத்தவருக்குக் கொடுத்த கூலிக்குப் பில் எண் இருக்காது. அந்தச் செலவு கணக்கிலிருந்தே காணாமல் போகும்.

காலி வரிகள் போன பிறகு A2-வைச் சொடுக்கி Ctrl+T அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் எல்லை $A$1:$E$113 என்று இருக்கிறதா பாருங்கள், "My table has headers" குறியிட்டிருக்கட்டும். இனி அட்டவணைக்கு நேர் கீழே எழுதும் வரி தானாகவே அதில் சேர்ந்துகொள்ளும். மாதம் பிரித்துக் காட்ட, மாதத்தின் முதல் வரிக்கு மேல் தடித்த கோடு போடுங்கள், அல்லது அந்த வரியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தேதிகளைத் தேதியாகவே அடித்திருந்தால், ஃபில்டர் பட்டியலே ஆண்டு, மாதம் என்று பிரித்துக் காட்டும்.

காலிப் பத்தியும் விடாதீர்கள், அது இன்னும் மோசம். பொருளுக்கும் தொகைக்கும் நடுவே அழகுக்கு ஒரு பத்தி விட்டிருந்தால், வரிசைப்படுத்தும்போது இடது பக்கம் மட்டும் இடம் மாறும், தொகைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு பில்லின் தொகை இன்னொரு கடையின் பெயருக்கு நேராக வந்துவிடும். பார்த்தவுடன் Ctrl+Z அழுத்தினால் தப்பிக்கலாம். சேமித்து மூடிவிட்டால் பில்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

எக்செல் 2016-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதுசுக்கு மாற அது நியாயமான காரணம்தான். அதைத் தனியாகச் சங்கக் கூட்டத்தில் வைத்து, ஒரே தடவை பணம் கட்டும் பதிப்பா, ஆண்டுச் சந்தாவா என்று விலை கேட்டு முடிவு செய்யுங்கள். ஃபில்டரைச் சரிசெய்ய என்று சொல்லிக் கடைக்காரர் நீட்டும் பில்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.