ஆர்டர் பதிவாகவில்லை, பணம் மட்டும் போய்விட்டது: எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: 3ஆம் தேதி இரவு இணையக் கடையில் மிக்ஸி வாங்க யுபிஐ மூலம் 4,860 ரூபாய் செலுத்தினேன். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ஆர்டர் பதிவாகவில்லை. தங்களுக்குப் பணம் வரவில்லை என்கிறது கடை. ஏழு வேலை நாள் பொறுங்கள் என்கிறது வங்கி. இன்று 12ஆம் தேதி. இன்னும் எவ்வளவு நாள் காத்திருப்பது?

பதில்: நீங்கள் காத்திருக்க வேண்டிய காலம் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிக்கப்பட்டு, அதற்கான உறுதிப்படுத்தல் வணிகரைச் சென்றடையவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அந்தத் தொகை தானாகவே திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். இணையத்தில் கார்டு மூலம் செலுத்தியவர்களுக்கும் இதே கெடுதான். பரிவர்த்தனை நாள் என்பது நாட்காட்டித் தேதியையே குறிக்கும் என்று சுற்றறிக்கை தெளிவாகச் சொல்வதால், 'வேலை நாள்' என்ற கணக்கை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நீங்கள் புகார் செய்யாவிட்டாலும் அதைத் தானாக வரவு வைக்க வேண்டும் என்பதே விதி. உங்கள் பணம் 14ஆம் தேதி வந்தால், ஆறு நாள் தாமதத்துக்கு 600 ரூபாயும் சேர்ந்து வர வேண்டும். அசல் மட்டும் வந்ததைப் பார்த்துப் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இடையில் தொடர்பு அறுந்த பரிவர்த்தனையில், வங்கிகள் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டுப் பொருந்தாததைக் கண்டறிந்த பிறகுதான் தொகை திரும்புகிறது. பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் வரும் என்பதால், குறுஞ்செய்தியை மட்டும் நம்பியிராமல் கணக்கு அறிக்கையில் அதே தொகை வரவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால், யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகாரைப் பதிவு செய்யுங்கள். பிறகு 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, தொகை, பணம் வரவில்லை என்று கடை எழுத்தில் தந்த பதில் ஆகியவற்றுடன் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி எவரேனும் யுபிஐ பின் எண்ணை இடச் சொன்னால் அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை.

புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். ஆர்டர் பதிவாகி, கடைக்குப் பணம் சேர்ந்த பிறகு கடை அதை ரத்து செய்திருந்தால், அது தோல்வியுற்ற பரிவர்த்தனை ஆகாது. அப்போது ஐந்து நாள் கெடுவும் 100 ரூபாய் இழப்பீடும் பொருந்தா. கடையிடமிருந்துதான் பணத்தைக் கோர வேண்டும், அது மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். பணம் வரவில்லை என்று கடை சொன்னதை எழுத்தில் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.