போர்டுல இருந்து லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோற டிஎம்எக்ஸ் லைனுக்கு மைக் கேபிள் போட்டா என்ன ஆகும்? மேடை லைட்டுக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

குளச்சல் தம்பி: அண்ணே, சர்ச் திருவிழா மேடைக்கு 8 பார் லைட், அதுக்கு அப்புறம் தலை திரும்புற மூவிங் ஹெட் 4. சாயங்காலம் பார் மட்டும் போட்டுப் பாத்தப்போ நல்லா ஓடுச்சு, ராத்திரி எல்லாத்தையும் சேத்ததும் கடைசி ரெண்டு தலை மட்டும் வெட்டி வெட்டி ஆடுது. எல்லாமே மைக் கேபிள்தான். லைட் போயிட்டா?

அவசரப்பட்டு லைட்டைக் கழத்தாத மக்கா. கடைசில நிக்கிற தலையையும் முதல்ல நிக்கிறதையும் இடம் மாத்திப் போடு, அட்ரஸையும் மாத்திக்கோ. அதே தலை புது இடத்துலயும் ஆடுனா கோளாறு லைட்ல, யாரு கடைசில நின்னாலும் அவன்தான் ஆடுறான்னா கோளாறு லைன்ல.

எனக்கு முட்டம் பக்கம் ஒரு கடற்கரை மேடையில இதே கதைதான். போர்டுல இருந்து மேடைக்கு 40 மீட்டர் மைக் கேபிள், லைட்டுக்கு லைட் 2 மீட்டர் துண்டு. முதல்ல கடைசி லைட்டோட அவுட்ல ஒரு ஆண் பிளக் சொருகினேன், அதுக்குள்ள 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவுல 120 ஓம் ரெசிஸ்டர் பத்த வச்சது, டெர்மினேட்டர்னு சொல்வாங்கல்ல அதான். பாதி ஆட்டம் நின்னுச்சு. மீதி, அந்த 40 மீட்டரை டிஎம்எக்ஸ் கேபிளா மாத்தினதும்தான் போச்சு. 2 மீட்டர் துண்டுகள் மைக் கேபிளாவேதான் கிடந்துச்சு, அதைச் சரின்னு சொல்லல, அன்னைக்கு ராத்திரி ஓடுச்சு அவ்வளவுதான்.

காரணம் என்னன்னா, டிஎம்எக்ஸ் செகண்டுக்கு 2,50,000 பிட் அனுப்புது, அதாவது ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோ செகண்ட்தான். வேகமா ஓடுற சிக்னலுக்கு கேபிள் காட்டுற தடைதான் இம்பீடன்ஸ், டிஎம்எக்ஸுக்குன்னு உள்ள கேபிள்ல அது 120 ஓம் கிட்ட இருக்கும், மைக் கேபிள்ல அது ரொம்பக் கம்மி, போதாக்குறைக்கு கெபாசிட்டன்ஸ் ஜாஸ்தி. அதனால சட்டுன்னு ஏறி இறங்க வேண்டிய சிக்னல் மழுங்கிப்போகும், கடைசில போயி முட்டி, கிணத்துக்குள்ள கத்துனா திரும்பி வருமே அப்படித் திரும்பி வந்து ஓடிக்கிட்டிருக்கிற சிக்னல் மேலயே ஏறும். நீளம் கம்மியா இருக்கும்போது இது வெளிய தெரியாது, அதான் சாயங்காலம் உன்னை ஏமாத்திட்டு. இந்த இம்பீடன்ஸை மல்டிமீட்டர்ல அளக்க முடியாது, கேபிள் மேல அச்சடிச்சிருக்கான்னு பாத்துதான் வாங்கணும்.

இன்னொண்ணு, டிஎம்எக்ஸ்ல வந்த எண் சரியா தப்பான்னு சரிபாக்குற ஏற்பாடே கிடையாது, தப்பா வந்தாலும் லைட் கீழ்ப்படியும். 512 சேனலும் ஓடுனா செகண்டுக்கு 44 தடவை வரைக்கும் புதுசா அனுப்புறதால பார்ல ஒரு தப்பு வந்தா கண்ணுக்கே தெரியாம போயிரும், ஆனா தலை திரும்ப ஆரம்பிச்சிரும்லா, அதான் வெட்டு.

மார்த்தாண்டம்: கடைக்காரர் 5 பின் போட்டா இந்தப் பிரச்சனையே வராதுன்னாரே?

பாதி சரி. ஸ்டாண்டர்ட்ல சொல்லியிருக்கிறது 5 பின்தான், ஆனா நம்ம ஊர்ல ஓடுற லைட்டுகள்ல 4, 5 ரெண்டும் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கு, வேலை செய்யிறது 1, 2, 3 மட்டும். மைக் கேபிளோட முனையில 5 பின் பத்த வச்சாலும் அது மைக் கேபிள்தான். நல்ல கேபிள்ல 3 பின் இருந்தா ஒழுங்கா ஓடும், 3க்கு 5 அடாப்டர் நேருக்கு நேரா இருந்தா போதும்.

அப்போ 5 பின் எதுக்குன்னா, இருட்டுல தெரியாம லைட் லைனை ஆடியோ பாக்ஸ்ல சொருகாம இருக்க. மிக்ஸர்ல மைக்குக்குக் கரண்ட் குடுக்கிற ஃபாண்டம் ஆன்ல இருந்தா 48 வோல்ட் வரும், லைட்டுக்குள்ள இருக்கிற ரிசீவர் சிப் சாதாரணமா தாங்குறது 12 வோல்ட் வரைக்கும்தான். சில நேரம் தப்பிச்சிரும், சில நேரம் சிப் மாத்தணும்.

தக்கலை: எனக்கு மைக்ல ஹம் வருது, கையில இருக்கிறது டிஎம்எக்ஸ் கேபிள், அதனாலயா?

நீங்க தலைகீழா கேக்கீங்க அண்ணாச்சி. டிஎம்எக்ஸ் கேபிள்ல மைக் தாராளமா ஓடும், இதைத் திருப்பிப் போட்டாதான் பிரச்சனை. ஹம்முக்கு 1ஆம் பின் சோல்டரைப் பாருங்க, உப்புக்காத்துல பச்சை புடிச்சிருக்கும்.

நாகர்கோவில்: டெர்மினேட்டர் போட்டாச்சு, டிஎம்எக்ஸ் கேபிள்தான், ஆனாலும் ஜெனரேட்டருக்கு மாறும்போது எல்லா லைட்டும் ஒருக்கா துள்ளுது.

மொதல்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, போர்டு பக்க கேபிளைக் கழத்தி 2க்கும் 3க்கும் மீட்டர் வைங்க. 120 கிட்ட, கொஞ்சம் கம்மியா காட்டினா சரி. 60 கிட்ட காட்டினா எவனோ ரெண்டாவது டெர்மினேட்டர் போட்டிருக்கான், சில லைட்டுல உள்ளேயே சுவிட்ச் இருக்கும். ரொம்பப் பெருசா காட்டினா நடுவுல எங்கயோ அறுந்திருக்கு.

அது சரியா இருந்தா எனக்கு சந்தேகம் போர்டுக்கும் மேடைக்கும் வேற வேற லைன்ல கரண்ட் எடுத்திருக்கீங்களான்னுதான், எர்த் வித்தியாசம் டேட்டா லைன் வழியா ஓடும், அதுக்கு, ரெண்டு பக்கத்தோட எர்த்தையும் பிரிச்சு டேட்டாவை மட்டும் கடத்துற ஐசொலேட்டட் ஸ்பிளிட்டர் வேணும். இல்ல, அந்த நேரத்துல போர்டே ஒரு நொடி அணைஞ்சு வருதோ என்னவோ. போர்டை மட்டும் யூபிஎஸ்ல போட்டு ஒருக்கா மாத்திப் பாத்துட்டு சொல்லுங்க.