மல்லி மணம் ஒரே சலவையில் போனால் பில் கட்ட வேண்டுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் தலையணை உறை தைத்து விற்கிறேன். 400 மீட்டர் துணியை ஒரு ப்ராசஸிங் யூனிட்டில் கொடுத்தேன். "மைக்ரோ கேப்சூல் ஃபினிஷிங், தேய்த்தால்தான் மல்லி மணக்கும், 10 சலவை தாங்கும்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். சரக்கு வந்து 9 நாள். பண்டலைப் பிரித்ததும் கும்மென்று மணத்தது. ஒரு சலவையில் போய்விட்டது. பில்லைக் கட்டச் சொல்கிறார்கள். கட்ட வேண்டுமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஆனால் குறையை இந்த 6 நாளுக்குள் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அந்த யூனிட் குறு, சிறு நிறுவனமாகப் பதிந்திருந்தால் 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் பொருந்தும். டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், டெலிவரி நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாக அது கருதும். அப்புறம், எழுத்தில் கெடு பேசாவிட்டால் 15 நாளும், பேசியிருந்தால் அந்தக் கெடுவும் அல்லது அதிகபட்சம் 45 நாளும் தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி ஏறும். போனில் போட்ட சண்டை கணக்கில் வராது. பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

அடுத்து, யார் தவறு என்று காட்ட வேண்டும். பண்டலைப் பிரித்ததும் கும்மென்று மணத்தது என்கிறீர்களே, உங்களுக்கு அதுதான் முக்கிய சாட்சி. மணத்தைலத்தைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் ஓடு கட்டிய உருண்டைகளே இந்தக் கேப்சூல்கள். தலைமுடியின் தடிமனைவிடச் சின்னவை. ஓடு உடைந்தால்தான் தைலம் வெளியே வரும், உடைந்தது மறுபடி நிரம்பாது. தேய்க்காத துணி அப்படி மணந்தால், அவை உங்களிடம் வருமுன்பே நிறைய உடைந்திருக்கலாம். ஃபினிஷிங்குக்குப் பிறகு மழமழப்புக்காகச் சூடான காலண்டர் ரோலரில் விட்டார்களா என்று கேளுங்கள். அந்த அழுத்தத்தில் ஓடு நசுங்கும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. கேப்சூலைத் துணியில் ஒட்ட வைக்கும் பைண்டருக்குப் போதிய சூடு கிடைத்திருக்காது. அப்போது உருண்டைகள் முழுசாகவே சோப்புத் தண்ணீரோடு போய்விடும்.

இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் பிரித்துப் பார்க்கலாம். துவைக்காத துண்டில் காற்றுப்போன பலூன் மாதிரித் தோல்கள் கிடந்தால் நசுங்கியவை. துவைக்காததில் முழு உருண்டைகளும் துவைத்ததில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் பைண்டர் கோளாறு. கோவை சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வகத்தில் விசாரியுங்கள். துவைக்காத 2 மீட்டரை இருவரும் கையெழுத்திட்ட பாலிதீன் உறையில் சீல் வையுங்கள். யூனிட்காரர் வர மறுத்தால் அதையும் தபாலில் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். தைத்த பிறகு நீங்களே ரோலர் பிரஸ் போட்டீர்களா? போட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார். அப்போது பிரஸ் படாத மீதித் துணியிலிருந்து மாதிரி எடுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் இதற்குப் பெரும்பாலும் சரிப்படாது. விற்பனைக்கு வாங்கிய வேலை வணிக நோக்கம். ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவில் நஷ்டம் கேட்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் ஒப்பந்தம். அழிக்காமல் அந்த போனையே வைத்திருங்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது 2023 சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர வேண்டும்.