சர்க்கரை நோயாளிக்கு ஆஸ்பிரின்: யாருக்கு நன்மை, யாருக்கு ரத்தக்கசிவு?

கேள்வி: எனக்கு வயது 58. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. நண்பர் ஒருவர் தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். நானும் தொடங்கலாமா?

உங்கள் நண்பருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தால், அவருடைய மாத்திரையை வைத்து உங்களுக்கு எதையும் முடிவு செய்ய முடியாது. உங்களைப் போன்றவர்களுக்கு ஆஸ்பிரின் உதவுமா என்பதை நேரடியாகச் சோதித்தது, பிரிட்டனில் நடந்து 2018-இல் முடிவுகள் வெளியான 'அசெண்ட்' ஆய்வு. சர்க்கரை நோய் இருந்து, இதயநோய் வெளிப்படாத 15,480 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 100 மி.கி. ஆஸ்பிரினும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்பு போலி மாத்திரை எடுத்தவர்களில் 9.6 சதவீதத்தினருக்கும் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 8.5 சதவீதத்தினருக்கும் வந்தது. அதே காலத்தில் கடுமையான ரத்தக்கசிவு 3.2 சதவீதத்திலிருந்து 4.1 ஆக உயர்ந்தது.

அதாவது, ஆயிரம் பேர் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சாப்பிட்டால் ஏறத்தாழ 11 பேர் இதய, மூளைப் பாதிப்பிலிருந்து தப்புகிறார்கள். 9 பேர் புதிதாகக் கடும் ரத்தக்கசிவுக்கு ஆளாகிறார்கள். இதயநோய் வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்காவது நன்மை தெளிவாக மிஞ்சுமா என்றும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்த ஆபத்து கூடக்கூட ரத்தக்கசிவின் ஆபத்தும் கூடியதால் அப்படியொரு குழு கிடைக்கவில்லை. ஆகவே சர்க்கரை நோய் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் தொடங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. புகைப்பழக்கம், சிறுநீரில் புரதம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு போன்றவை சேர்ந்திருந்து, வயிற்றுப்புண்ணோ ரத்தசோகையோ இல்லாதவருக்கு மருத்துவர் யோசித்துக் கொடுக்கலாம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் இந்த ஆபத்தில்லாமலே உங்கள் இதயத்தைக் காக்கும். அவற்றை முதலில் சரிபாருங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை நோய் உண்டு, இதயநோய் இல்லை. பல ஆண்டுகளாக ஆஸ்பிரின் கலந்த கேப்ஸ்யூல் சாப்பிடுகிறார். மூட்டுவலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபினாக்கும் எடுப்பார். இப்போது மிகவும் சோர்வாக இருக்கிறார். தொடரலாமா?

இந்தச் சோர்வை வயதின் மேல் போட்டு விட்டுவிடாதீர்கள். ஆஸ்பிரின், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பதோடு, இரைப்பையின் உட்சவ்வைக் காக்கும் சுரப்பையும் குறைக்கிறது. டைக்ளோஃபினாக்கும் அதையே செய்கிறது. இரண்டும் சேரும்போது புண் உண்டாகி, வலியே இல்லாமல் சிறிது சிறிதாக ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் போனால், வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற துகள்களோ தெரிந்தால், தலைசுற்றி மயக்கம் வந்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் அதைச் சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். அந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். குடலில் கரையும் வகைப் பூச்சுள்ள மாத்திரை என்பதால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையைப் பாதிக்கும் என்பதால் அந்தப் பூச்சு ரத்தக்கசிவைத் தடுப்பதில்லை.

எழுபது வயதுக்கு மேல், இதயநோய் இல்லாதவருக்கு ரத்தக்கசிவின் ஆபத்தே நன்மையை விஞ்சுகிறது. எனவே மருத்துவரிடம் பேசி ஆஸ்பிரினை நிறுத்துவதே பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் கேப்ஸ்யூலின் அட்டையைப் பாருங்கள்: ஆஸ்பிரினுடன் அடோர்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினும் சேர்ந்த வகை நம் ஊரில் பரவலாக விற்கிறது. அதுவாக இருந்தால், கேப்ஸ்யூலை நிறுத்தும்போது அவருக்குத் தேவையான ஸ்டேட்டினும் சேர்ந்து நின்றுவிடும். அதைத் தனி மாத்திரையாக எழுதி வாங்க வேண்டும்.

கேள்வி: எனக்கு இரண்டு மாதங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தக்கசிவு பயத்தால் ஆஸ்பிரினை நிறுத்தலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன கணக்கு இதயநோய் வராதவர்களுக்கானது. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர் ஆகியோருக்கு மீண்டும் பாதிப்பு வரும் ஆபத்து மிக அதிகம் என்பதால் ஆஸ்பிரினின் நன்மை ரத்தக்கசிவை நன்றாகவே மிஞ்சுகிறது. புதிய ஸ்டென்ட்டில் திடீரென ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்குவதற்காக யாரேனும் நிறுத்தச் சொன்னாலும் முதலில் உங்கள் இதய மருத்துவரைக் கேளுங்கள். வயிற்றைப் பற்றிய பயத்துக்குத் தீர்வாக, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரையைச் சேர்க்கலாம். ஆஸ்பிரின் ஒவ்வாதவருக்கு குளோபிடோகிரெல் 75 மி.கி. மாற்றாக உண்டு.

கேள்வி: சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டுள்ளது. பைபாஸ் செய்தவன் என்பதால் ஆஸ்பிரின் எடுக்கிறேன். கண்ணுக்குள் ரத்தம் கசியுமா?

விழித்திரைப் பாதிப்பு ஆஸ்பிரினுக்குத் தடையல்ல. 'அசெண்ட்' ஆய்வில் பார்வையைப் பாதிக்கும் ரத்தக்கசிவு ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் கூடவில்லை. மாத்திரையைத் தொடருங்கள், கண் மருத்துவர் சொன்ன லேசர் சிகிச்சையையோ ஊசியையோ தள்ளிப்போடாதீர்கள்.