துணிப்பையில் சிக்கிய ழ்: எழுத்துச் சதுரம், கேள்வி பதில்

போன வாரம் எங்கள் வீட்டு முகப்பில், ஓர் ஆத்தங்குடிக் கல்லின் நாலு ஓரத்திலும் சாக்பீஸால் எழுதிப் போட்ட சதுரம் இது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

மேலே: ப், ந், ழ்
வலப்பக்கம்: ள், து, பை
கீழே: வி, ணி, த
இடப்பக்கம்: ரு, மி, கே

ஆச்சி, விதி என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள். – தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

இந்த எழுத்துகளை வைத்துச் சொற்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். ஒரு சொல்லுக்குள் அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்து ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ, அடுத்த சொல் அதில்தான் தொடங்க வேண்டும். பன்னிரண்டு எழுத்தும் ஒரு தடவையாவது வர வேண்டும். புள்ளி வைத்த எழுத்தும் இங்கே தனி எழுத்து. அவ்வளவுதான்.

‘தமிழ்’ என்று உடனே கண்ணில் பட்டது. அதில் ஆரம்பித்தேன், அடுத்த சொல் கிடைக்கவேயில்லை. சதுரம் தப்பா? – அதே மாணவி

சதுரம் சரி, நீ தொடங்கின முனைதான் தப்பு. தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் ‘தமிழ்’ என்று எழுதிய உடனே சங்கிலி செத்துவிட்டது. ‘துணி’, ‘கேணி’ இரண்டும் இதில் எழுத வரும், ஆனால் ணி-யில் தொடங்கும் சொல் ஏது? ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே எந்த எழுத்தில் முடிந்தாலும் பெரும்பாலும் அடுத்த சொல் கிடைத்துவிடும். நம்மிடம் முடிவது ஒரு கூட்டம், தொடங்குவது வேறு கூட்டம்.

ஆகவே பின்னாலிருந்து வா. பன்னிரண்டு எழுத்தில் எது மிகவும் முரண்டு பிடிக்கிறது? ழ். அதற்கு முன்னால் நிற்கத் தோதானது மி, அதற்கு முன்னால் த. அப்படியானால் கடைசிச் சொல் ‘தமிழ்’ என்று முடிகிறது. வெறும் ‘தமிழ்’ என்றால் அதற்கு முந்தைய சொல் த-வில் முடிய வேண்டும். ‘வந்த’, ‘செய்த’ மாதிரி எச்சங்கள்தான் அப்படி முடியும், பெயர்ச்சொல் அரிது. ‘தமிழ்’ முன்னால் ஏதாவது ஒட்டுமா என்று பார். பை-யும் ந்-தும் இருக்கின்றன: பைந்தமிழ். இப்போது பை-யில் முடியும் சொல் வேண்டும். ப், ணி, து மூன்றும் கையில் இருக்கின்றன: துணிப்பை. து-வில் முடிவது? விருந்து. வி-யில் முடிவது? மிச்சம் இருப்பதே கே, ள் இரண்டும்தான்: கேள்வி.

கேள்வி, விருந்து, துணிப்பை, பைந்தமிழ். நாலு சொல், பன்னிரண்டு எழுத்தும் வந்தாயிற்று. ஒவ்வொரு ஜோடியையும் சதுரத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்.

விருந்தில் ந் வந்துவிட்டது. பைந்தமிழிலும் அதே ந் வருகிறதே, அது கள்ளாட்டம் இல்லையா? அதோடு ‘விருந்து’வின் து-வும் ‘துணிப்பை’யின் து-வும் ஒரே பக்கம். பக்கத்துப் பக்கத்தில் வரலாமா? – பள்ளத்தூர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

ஐயா, எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். ஒரு தடவையாவது வர வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டாவது சந்தேகம் நல்ல சந்தேகம். ஆனால் அது இரண்டு து இல்லை, ஒரே து. விருந்தை முடித்துவிட்டுக் கையை எடுக்காமல் அங்கிருந்தே துணிப்பைக்குக் கோடு இழுக்கிறோம். நூலில் போட்ட முடிச்சு மாதிரி, இரண்டு சொல்லுக்கும் பொது.

நான் போனில் இதே மாதிரி ஆங்கில எழுத்துச் சதுரமான நியூயார்க் டைம்ஸின் ‘லெட்டர் பாக்ஸ்ட்’ தினமும் ஆடுகிறேன். BUTTER போட்டால் வாங்க மாட்டேன் என்கிறது. போன் பழுதா? – சிங்கப்பூரில் இருக்கும் கானாடுகாத்தான் பிள்ளை

போன் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. சதுரத்தில் T ஓர் இடத்தில்தான் இருக்கும். T-யிலிருந்து அதே T-க்குப் போவது ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்து எடுத்ததாகத்தான் ஆகும். அதனால் அங்கே இரட்டிக்கும் எழுத்துள்ள சொற்கள் எல்லாமே போச்சு. தமிழில் நமக்கு அந்த நஷ்டம் இல்லை. ‘துணிப்பை’யில் ப் வேறு, பை வேறு. இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் வைத்துவிட்டால் தாராளமாக இரட்டிக்கலாம். அப்படி வைக்காவிட்டால் பாதித் தமிழ்ச் சொற்கள் கதவுக்கு வெளியே நிற்கும்.

பாட்டுக்குப் பாட்டில் ‘ம்’ என்று முடிந்தால் ‘ம’ என்று எடுத்துக்கொள்கிறோமே. இங்கேயும் அப்படி வைத்தால் ஆட்டம் சுலபமாகிவிடுமே? – காரைக்குடி, செக்காலை

பாதி சரி. ம்-க்கு அது வேலை செய்யும், ‘மரம்’ முடிந்து ‘மலை’ தொடங்கலாம். ல், ர் என்றால் லட்டு, ரவை என்று வந்து சேர்ந்த சொற்களை வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் ன், ண், ள், ழ் என்று முடிந்தால்? புள்ளியை எடுத்தாலும் ன, ண, ள, ழ-வில் நமக்குச் சொல் கிடையாது. ‘அவன்’, ‘அவள்’ எல்லாம் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல், சதுரத்தில் ம் ஒரு பக்கம், ம இன்னொரு பக்கம் இருந்தால், கோடு எங்கிருந்து கிளம்பும்? எனக்கு இந்தச் சலுகை பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானே ஒரு சதுரம் போட ஆசை. எழுத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? – கண்டனூர்

விடையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசமான எழுத்து சரியாகப் பன்னிரண்டு வர வேண்டும். அப்புறம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஜோடிகளை எல்லாம் தனியாக எழுதுங்கள்: கே-ள், ள்-வி, வி-ரு என்று. இந்த விடையில் பன்னிரண்டு ஜோடி இருக்கிறது. ஒரு ஜோடியின் இரண்டு எழுத்தும் ஒரே பக்கம் போகாமல், பக்கத்துக்கு மூன்றாகப் பிரித்தால் தீர்ந்தது.

நான் கெட்டதும் இங்கேதான். முதல் தடவை கே-யை மேலேயும் ழ்-ஐ இடப்பக்கத்திலும் எழுதிவிட்டேன். மி-யும் ழ்-உம் ஒரே பக்கம்! பேத்தி மத்தியானம் முழுக்க ‘தமிழ்’ வரவில்லை என்று கல்லைச் சுற்றி வந்தாள். அப்புறம் கே-யையும் ழ்-ஐயும் இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது.

புள்ளி எழுத்து மூன்றை மேலே சேர்த்து வைத்தது தெரிந்தே செய்தது. தமிழில் இரண்டு மெய் அடுத்தடுத்து வருவது குறைவு, அதனால் ஒரே பக்கம் போட்டால் அவ்வளவு இழப்பு இல்லை. ய், ர், ழ் மட்டும் பார்த்து வையுங்கள். ‘வாழ்ந்து’ என்ற சொல் உங்கள் விடையில் இருந்தால் ழ்-உம் ந்-உம் ஒன்றாக இருக்கக் கூடாது. ‘வேர்க்கடலை’ என்றால் ர்-உம் க்-உம்.

நாலு சொல் எதற்கு ஆச்சி? மூன்றில் முடித்துவிட்டேன்: கேள்விருந்து, துணிப்பை, பைந்தமிழ். கேள் என்றால் உறவு. உறவுக்குப் போடும் விருந்து கேள்விருந்து. – மறுபடியும் கணக்கு வாத்தியார்

எழுத்துக் கணக்கு சுத்தமாக இருக்கிறது, ஒரு ஜோடிகூடத் தப்பில்லை. கேள் என்றால் உறவு என்பதும் உண்மைதான். ஆனால் நம் ஊரில் எத்தனை கல்யாணம் பார்த்திருப்பீர்கள், யாராவது இலை போட்டுவிட்டுக் ‘கேள்விருந்துக்கு வாருங்கள்’ என்று கூப்பிட்டிருக்கிறார்களா? என் அகராதியில் தேடினேன், இல்லை. துணிப்பையை மட்டும் எப்படி ஒத்துக்கொண்டாய் என்று கேட்பீர்கள். அதுவும் சேர்த்து எழுதின சொல்தான். பேச்சில் புழங்குகிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை. பேத்தி உங்கள் கட்சி.