அத்தை எடுத்த ஞானஸ்நானம்

அன்புள்ள ஐயா,

காசிமேட்டில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறோம். மூவரும் கிறிஸ்தவர்கள், சபைதான் வேறு: நான் புராட்டஸ்டண்டுகளின் சி.எஸ்.ஐ., ஒருவன் கத்தோலிக்கன், அதாவது ஆர்.சி., இன்னொருவன் பெந்தெகொஸ்தே. வடசென்னையில் இருக்கிற கோவில்கள், சபைகள், ஒவ்வொன்றும் என்ன போதிக்கிறது என்று பேசுகிறோம். போன மாதம் ஞானஸ்நானம் பற்றி 11 நிமிட வீடியோ போட்டோம். மூன்று பக்கமிருந்தும் திட்டு. யாரையும் தவறு என்று நாங்கள் சொல்லவே இல்லை. முன்னாலேயே 'யார் மனதையும் புண்படுத்தும் நோக்கமில்லை' என்று போட்டுவிட்டால் போதுமா? கமெண்டை மூடிவிடலாமா? இல்லை, இந்த மாதிரி விஷயங்களையே விட்டுவிட வேண்டுமா?

ஒரு வாசகர், காசிமேடு

அன்புள்ள தம்பி,

வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். அந்த 'நோக்கமில்லை' வாசகத்தைப் போடாதீர்கள். பஸ்ஸில் ஏறும்போதே "யார் காலையாவது மிதித்தால் மன்னிக்கவும்" என்று சொல்லிக்கொண்டே ஏறுகிற ஆளை நான் நம்புவதில்லை. கமெண்டை மூடுவதும் திறப்பதும் உங்கள் சௌகரியம்.

திட்டியவர்கள் சும்மா திட்டவில்லை. நாலாவது நிமிடத்தில், "பெந்தெகொஸ்தே சபைகளில் மறுஞானஸ்நானம் கொடுக்கிறார்கள்" என்கிறீர்கள். ஆறாவது நிமிடத்தில், "ஆர்.சி., சி.எஸ்.ஐ. இரண்டிலும் தெளிப்பு ஞானஸ்நானம்தான்." கடைசியில் சிரித்துக்கொண்டே, "எப்படி எடுத்தாலும் எல்லாம் ஒன்றுதான்." மூன்றே வாக்கியத்தில் மூன்று வீட்டையும் கலக்கிவிட்டீர்கள்.

'மறு' என்ற சொல்லில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். பரம்பரை சி.எஸ்.ஐ. குடும்பம். என் அத்தை 1986இல், தன் 42ஆம் வயதில், பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், காசிமேட்டுக் கடலில் அவருக்கு முழுக்கு. நான் கரையில் துண்டு வைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளைப் புடவை, இடுப்பளவு தண்ணீர், ஒரு பக்கம் பாஸ்டர், இன்னொரு பக்கம் ஒரு மீன்காரம்மா. முதல் தடவை அலை வந்து தள்ளிவிட்டது. சரியாக முங்கவில்லை என்று பாஸ்டர் திரும்ப முக்கினார். அத்தை எழுந்து நின்றபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை.

வீட்டில் என் ஆயா, அத்தையின் அம்மா, அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. "நான் மடியில வச்சி குடுத்தது செல்லாதுன்னா, நான் இவள நாப்பது வருஷம் ஏமாத்தியிருக்கேன்னு அர்த்தம்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் சாகிறவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சில வருடம் கழித்து ஒரு சிற்றிதழில் எங்கள் தெருவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் பெரிய நடுநிலைக்காரன் போல, 'என் அத்தை மறுஞானஸ்நானம் பெற்றவர்' என்று ஒரு வரி. யாரையும் தவறு சொல்லவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். அத்தை பத்திரிகையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மறுன்னு போட்டிருக்கியே, மொதல்ல எதுடா நடந்துச்சி? எனக்கு நெனப்பு இருக்கறது ஒண்ணுதான்." இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

அவர் கேட்டது சரியான கேள்வி. 'மறு' என்றால் ஏற்கெனவே ஒன்று நடந்து முடிந்திருக்க வேண்டும். விசுவாசம் வந்த பிறகு எடுப்பதுதான் ஞானஸ்நானம், குழந்தைக்குச் செய்தது ஞானஸ்நானமே அல்ல என்பது அவர் சபையின் போதனை. 'விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்' என்று மாற்கு 16:16இல் வருகிற வரிசையைக் காட்டுவார்கள்: முதலில் விசுவாசம், பிறகு தண்ணீர். அவர்கள் கணக்கில் அத்தைக்கு நடந்தது ஒன்றுதான். 'மறு' என்று எழுதிய கணமே நான் என் ஆயா பக்கம் போய் நின்றுவிட்டேன், எனக்கே தெரியாமல். இது வண்ணாரப்பேட்டையில் முளைத்த சண்டையும் அல்ல. 1525இல் சூரிச்சில் வளர்ந்தவர்களாகக் கூடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவர்களுக்கு 'மறுஞானஸ்நானக்காரர்' என்று பெயர் வைத்தவர்கள் அவர்களுடைய எதிரிகள். அவர்களும் அத்தை சொன்னதையேதான் சொன்னார்கள்.

சரி, அப்படியானால் 'அத்தை முதன்முதலாக ஞானஸ்நானம் எடுத்தார்' என்று எழுதலாமா? எழுதினால் ஆயாவை ஏமாற்றுக்காரி ஆக்குகிறோம். குழந்தைக்குக் கொடுத்ததும் முழுமையான ஞானஸ்நானம், அதைத் திரும்பக் கொடுப்பது தேவனுடைய செயலைச் சந்தேகிப்பது என்பது ஆயாவின் கோவில் போதனை. ஆர்.சி.யும் இதில் ஆயா பக்கம்தான். சி.எஸ்.ஐ.யில் தண்ணீராலும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயராலும் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தால் அவருக்கு மறுபடி கொடுப்பதில்லை. இதை உங்கள் வீடியோவில் நீங்கள் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக்கூடிய வாக்கியம் எது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கடைசியில் அது எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கிடந்தது. குழந்தைக்கு 'ஞானஸ்நானம் குடுத்தாங்க' என்போம். பெந்தெகொஸ்தேக்காரர் 'ஞானஸ்நானம் எடுத்தேன்' என்பார். கொடுப்பது, எடுப்பது. மொத்தப் போதனையும் அந்த இரண்டு வினைச்சொல்லில் இருக்கிறது. இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: 'கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அத்தையின் பெயர் இருக்கிறது, மூன்று மாதக் குழந்தையாக. 42 வயதில், விசுவாசித்த பிறகு எடுப்பதே ஞானஸ்நானம் என்ற தன் சபையின் போதனைப்படி, கடலில் ஞானஸ்நானம் எடுத்தார்.' பதிவேட்டில் பெயர் இருப்பதை அத்தை மறுக்க மாட்டார். அத்தையின் சபை அப்படிப் போதிப்பதை ஆயா மறுக்க மாட்டார். இரண்டு பேருக்கும் கொஞ்சம் உறுத்தும். ஆனால் எழுந்து போக மாட்டார்கள்.

'தெளிப்பு' எதிர்க்கட்சிக்காரர் வைத்த பெயர். ஆர்.சி. கோவிலில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சாமியார் தெளிப்பதில்லை, குழந்தையின் தலையில் மூன்று முறை ஊற்றுகிறார். உங்கள் ஆர்.சி. நண்பன் அதை எடிட்டிங்கிலேயே பிடித்திருக்க வேண்டாமா? இன்னொரு வேடிக்கை, ஊற்றுகிற ஆர்.சி.க்காரர்கள் இப்போது சொல்வது 'திருமுழுக்கு', முழுசாக முக்குகிறவர்கள் சொல்வது 'ஸ்நானம்'. பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் அவரவர் பெயரை அவரவருக்கு விட்டுவிடுங்கள். இராயபுரத்துக்கே பெயர் வந்தது இராயப்பரால் என்று சொல்வார்கள். இராயப்பர் என்றால் புனித பேதுரு, ஆர்.சி.யின் பழைய தமிழில். பவுல் அங்கே சின்னப்பர், யோவான் அருளப்பர். 1995இல் இரு தரப்பும் சேர்ந்து கொண்டுவந்த பொது வேதாகம மொழிபெயர்ப்பில் பேதுரு, பவுல், யோவான் என்று ஒத்துப்போனார்கள். ஆனாலும் சி.எஸ்.ஐ. வீடுகளில் பழைய மொழிபெயர்ப்புதான் கையில் இருக்கிறது, ஆர்.சி. கிழவிகள் வாயில் இராயப்பர்தான் இருக்கிறார். ஆகவே ஆர்.சி. பகுதியைப் பேசும்போது திருமுழுக்கு, உறுதிபூசுதல் என்றே சொல்லுங்கள். சி.எஸ்.ஐ. பகுதியில் ஞானஸ்நானம், திடப்படுத்தல். பார்க்கிறவருக்குக் குழப்பும் என்றால் ஒரு தடவை 'இதைத்தான் அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்' என்று சேர்த்துவிட்டுப் போங்கள். மக்கபேயர், தோபித்து முதலான ஏழு புத்தகங்களை ஆர்.சி.யில் இணைத்திருமுறை என்பார்கள், மற்றவர்கள் தள்ளுபடி ஆகமம் என்பார்கள். ஆடி மாதச் சேலைக்கும் அதே சொல்தான். ஒருவர் வேதத்தின் மேல் அதை ஒட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

உங்கள் வாயில் அடிக்கடி வருகிற இன்னொன்று 'ஆம்'. "பெரியவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம்", "தண்ணியில முழுசா முங்கணுமாம்." தமிழில் அந்த ஒற்றை 'ஆம்' போதும், உதட்டைச் சுழித்துக் காட்டியது போல ஆகிவிடும். முக்கியமாக, மூன்று பகுதியில் உங்கள் சி.எஸ்.ஐ. பகுதியில் மட்டும் ஒரு 'ஆம்' கூட இல்லை! எண்ணிப் பார்த்தேன். அங்கே எல்லாம் 'கொடுக்கிறோம்', 'நம்புகிறோம்'. பாருங்கள், இதைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒன்று, 'இந்தச் சபை இப்படிப் போதிக்கிறது' என்று மூன்றுக்கும் ஒரே மாதிரி சொல்லுங்கள். இல்லையென்றால் அவரவர் பகுதியை அவரவரே பேசுங்கள், மூன்று பேர் இருக்கிறீர்களே.

அப்போதும் 'பெந்தெகொஸ்தே' என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். மத்தேயு 28:19படி பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கிற சபையும் உண்டு. அப்போஸ்தலர் 2:38ஐக் காட்டி இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கிற சபையும் உண்டு. இவர்களுக்குள் இருக்கிற பகை, வெளியே இருக்கிற பகையைவிடச் சூடு. உங்கள் நண்பன் எந்தச் சபையோ, அந்தச் சபையின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த 'எல்லாம் ஒன்றுதான்' மேல்தான் எனக்கு உண்மையான கோபம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், தெரிகிறது. ஒன்றுதான் என்றால் என் அத்தை எதற்குக் கடலில் நின்றார்? ஆயா எதற்கு அடுப்பைப் பற்றவைக்கவில்லை? ஒரே கூரைக்குக் கீழே இருவரும் அதற்காக இழந்ததையெல்லாம் நீங்கள் சிரித்துக்கொண்டே ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டீர்கள். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்வதில் யாரும் புண்படுவதில்லை, தம்பி. தன்னுடைய வித்தியாசம் தன் வாயால் சொன்ன மாதிரி வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெரிய மனுஷிக்குப் படித்துக் காட்டுங்கள். "ஒத்துக்கிறீங்களா" என்று கேட்காதீர்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "உங்க பேத்திக்கு இப்படித்தான் சொல்லுவீங்களா" என்று கேளுங்கள். "இல்லப்பா, நாங்க அப்படி சொல்ல மாட்டோம்" என்று எந்த இடத்தில் நிறுத்துகிறார்களோ, அந்தச் சொல்லை மாற்றுங்கள். அதற்கும் மேல் திட்டுகிறவர் எதிர்த்தரப்பைப் பற்றிப் பேசியதற்கே திட்டுகிறார். அவருக்கு மருந்து கிடையாது.

அடுத்தது அப்பமும் ரசமும் பகிர்கிற நற்கருணை என்று வீடியோ முடிவில் அறிவித்திருக்கிறீர்கள். அந்த 20 நொடி முன்னோட்டத்திலேயே 'சில சபைகளில் அது வெறும் அடையாளம்தான்' என்று வருகிறது. 'வெறும்'மையும் 'தான்'ஐயும் வெட்டிவிட்டு ஸ்கிரிப்டை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.