பேருந்தில் உடல்நலமில்லாதவரிடம் முதலில் என்ன கேட்பது?

கேள்வி: பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் உடம்புக்கு முடியாதவர் போலத் தெரிந்தால், எப்படிப் பேச்சைத் தொடங்குவது? குடித்திருப்பாரோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்:

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் குடித்தவர் என்று ஒதுக்கப்படுபவர்களில் சர்க்கரை இறங்கிப் போனவர்களும் உண்டு என்பதை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சென்ற பேருந்தில் நேரில் கண்டேன்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கம்பியைப் பிடித்தபடி தள்ளாடிக்கொண்டிருந்தார். நடத்துநர் எங்கே இறங்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டும் அவருடைய நாக்கு குழறியது. சன்னல் வழியே நல்ல காற்று வீசியபோதும் சட்டையின் முதுகுப்பக்கம் முழுவதும் நனைந்திருந்ததும், பயணச்சீட்டைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கியதும்தான் என்னை எழுந்திருக்க வைத்தன.

பின்னாலிருந்து தோளைத் தொடாமல், அவர் கண்ணில் படும்படி முன்னால் வந்து நின்று, "ஐயா, வணக்கம். ரொம்ப வேர்த்திருக்கிறதே, இப்படி உட்காருங்கள்" என்று என் இடத்தைக் கொடுத்தேன். "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் குழம்பியிருப்பவரால் விளக்க முடியாது; ஆம், இல்லை என்று தலையசைக்கக்கூடிய கேள்விகளே உதவும். "நெஞ்சு வலிக்கிறதா?" என்றேன், இல்லை என்று தலையாட்டினார். "சுகர் இருக்கிறதா? காலையில் சாப்பிட்டீர்களா?" என்றதும், ஊசி போட்டதாகச் சைகையில் காட்டினார்.

நெஞ்சு வலி என்றாலோ, முகம் ஒரு பக்கம் கோணியிருந்தாலோ உடனே 108-ஐ அழைத்திருக்க வேண்டும். இவருக்கு விழுங்க முடிந்ததால், ஒத்தக்கடை நிறுத்தத்தில் வாங்கிய மாம்பழச் சாற்றைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தேன். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தாலும் போதும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும் என்பதால் அது முதல் தேர்வு அல்ல. ஒருவேளை சர்க்கரை இறங்கியிராவிட்டாலும் அந்த அளவு இனிப்பால் பெரிய கேடு வராது. ஆனால் நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

முதலில் அவர் "வேண்டாம், விடுங்கள்" என்று கையைத் தட்டிவிட்டார். சர்க்கரை குறையும்போது இப்படிச் சிடுசிடுப்பதும் ஓர் அறிகுறிதான். இறங்கும் ஊரையும் நேரத்தையும் தெளிவாகச் சொல்லி மறுப்பவரை நான் வற்புறுத்த மாட்டேன். வார்த்தை குழறியபடி மறுப்பவரிடம் சற்றுப் பொறுத்து, அதே பணிவோடு மீண்டும் கேட்பேன்.

பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் அதே அளவு இனிப்பை இன்னொரு முறை கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே சரி. இவருக்கு அதற்குள் வியர்வை அடங்கிவிட்டது. "மேலூர் வந்துவிட்டதா, தம்பி?" என்று அவரே கேட்டார். பத்திரப்பதிவுக்கு நேரமாகிவிட்டதென்று ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். இனிப்பின் பலன் நெடுநேரம் நிற்காது என்பதால், நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி சாப்பிடும்வரை கூட இருந்து, அவருடைய மகனைக் கைப்பேசியில் அழைத்துச் சொல்லிவிட்டே கிளம்பினேன்.